கோளமும் கம்பியும்: காஸ் விதியால் மின்புலம் காணுதல்

பல இடைநிலைப்பள்ளிகளின் அறிவியல் கூடத்தில் வான் டி கிராஃப் மின்னாக்கி என்ற கருவியைக் காணலாம். உயரமான ஒரு குழாய்; அதன் உச்சியில் பளபளக்கும் உலோக உருண்டை. குழாய்க்குள் ரப்பர்ப் பட்டை ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அது கீழிருந்து மின்னூட்டத்தைச் சுமந்து சென்று மேலே உள்ள உருண்டையில் சேர்க்கும். கருவி ஓடத் தொடங்கிச் சில நொடிகளில் அதன் அருகே கையை நீட்டினால் கையிலுள்ள மென்மயிர் சிலிர்த்து நிற்கும். உருண்டையைத் தொடவே வேண்டியதில்லை. தொடாமலே மயிரை இழுப்பது உருண்டையைச் சுற்றிப் பரவியுள்ள மின்புலம்.

அந்த மின்புலம் உருண்டைக்கு அருகில் எவ்வளவு வலியது? சற்று விலகினால் எவ்வளவு குறையும்? இவற்றைக் கணக்கிட நேர்வழி ஒன்று உண்டு. ஒரு மின்னூட்டத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவில் மின்புலம் எவ்வளவு என்பதைக் கூலும் விதி சொல்லும். உருண்டையின் மேல் உள்ள ஒவ்வொரு மின்னூட்டத்துக்கும் அதைக் கணக்கிட்டு, திசையையும் பார்த்துக் கூட்டிவிடலாம். ஆனால், உருண்டையில் ஒரு மைக்ரோகூலும் மின்னூட்டம் இருந்தாலே ஏறத்தாழ 6 இலட்சம் கோடி எலக்ட்ரான்கள் கூடியோ குறைந்தோ இருக்கின்றன என்று பொருள். இத்தனையையும் கூட்டும் தொல்லையிலிருந்து தப்ப வைப்பதுதான் காஸ் விதி. ஜெர்மானியக் கணித அறிஞர் கார்ல் பிரெடெரிக் காஸ் இதனை 1835இல் எழுதினார். அவர் மறைந்த பின்னர், 1867இல்தான் அது அச்சேறியது.

விதியைப் புரிந்துகொள்ள முதலில் பாயம் என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றில்லாத நேரத்தில் மழை செங்குத்தாகப் பெய்கிறது. முற்றத்தில் ஒரு வாளியை நேராக வைத்தால் அதன் வாய்க்குள் நிறைய நீர் விழும். வாளியைச் சற்றுச் சாய்த்தால் விழும் நீர் குறையும். முழுவதும் படுக்கப் போட்டுவிட்டால், மழை வாயை ஒட்டியே கீழே இறங்கிவிடும். உள்ளே ஒரு துளியும் புகாது. மழையின் வேகம் மாறவில்லை, வாயின் அளவும் மாறவில்லை. பரப்பை மழை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதே மாறியது. மின்புலமும் அப்படித்தான். ஒரு பரப்பைச் செங்குத்தாகத் துளைக்கும் மின்புலத்தைப் பரப்பளவால் பெருக்கினால் கிடைப்பது மின்பாயம். பரப்பை ஒட்டி நழுவிச் செல்லும் மின்புலம் கணக்கில் சேராது.

இப்போது திறந்த வாளியை விட்டுவிட்டு, எல்லாப் பக்கமும் மூடிய ஒரு பரப்பை எண்ணிப் பார்க்கலாம். கொசுவலைக்குள் ஒரு விளக்கு எரிகிறது. விளக்கிலிருந்து புறப்படும் ஒளி எப்படியும் வலையைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். வலையைப் பெரிதாக விரித்தாலும், ஒரு பக்கம் இழுத்துக் கட்டினாலும், விளக்கை மூலைக்கு நகர்த்தினாலும், வலையைக் கடக்கும் மொத்த ஒளி மாறாது. விளக்கு வலைக்கு வெளியே இருந்தால் கதை வேறு. அதன் ஒளி ஒரு பக்கம் உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். நுழைந்ததைக் கழித்து வெளியேறியதைக் கூட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை.

விளக்கின் இடத்தில் மின்னூட்டத்தையும் ஒளியின் இடத்தில் மின்புலத்தையும் வைத்தால் காஸ் விதி வந்துவிடும். மூடிய பரப்பு ஒன்றின் வழியே வெளியேறும் மொத்த மின்பாயம், அப்பரப்புக்குள் அடங்கிய மின்னூட்டத்தை மட்டுமே பொறுத்தது. பரப்பின் வடிவம், அளவு, உள்ளே மின்னூட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்பன எதுவும் விடையை மாற்றா. குறியீட்டில் எழுதினால்:

Φ = Q / ε₀

இதில் Φ என்பது மொத்த மின்பாயம். Q என்பது உள்ளே அடங்கிய மின்னூட்டம். ε₀ என்பது வெற்றிடத்தின் விடுதிறன் எனப்படும் மாறிலி, அதன் மதிப்பு 8.85 × 10⁻¹². காற்றுக்கும் இதே மதிப்பைப் பயன்படுத்தலாம். வேறுபாடு மிகச் சிறியது. விளக்குக்கும் மின்னூட்டத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மின்னூட்டம் எதிர்மறையாகவும் இருக்கலாம். அப்போது பாயம் வெளியேறாமல் உள்நோக்கி வரும்.

இங்கே ஒரு தடை எழுகிறது. விதி தருவது பரப்பு முழுவதுக்குமான மொத்தப் பாயம். தேவைப்படுவதோ குறிப்பிட்ட ஓர் இடத்தில் உள்ள மின்புலம். ஒரு வகுப்பு மாணவர்கள் எல்லாரும் பெற்ற மதிப்பெண்களின் கூட்டுத்தொகை தெரிந்தால், கவிதா எத்தனை மதிப்பெண் பெற்றாள் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால், அந்த வகுப்பில் எல்லாரும் ஒரே மதிப்பெண் பெற்றார்கள் என்பது வேறு வழியில் உறுதியாகத் தெரிந்தால் சொல்லிவிடலாம்; கூட்டுத்தொகையை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். காஸ் விதியில் அந்த உறுதியைத் தருவது சமச்சீர்மை. அது கோளத்திலும் நீண்ட கம்பியிலும் இருக்கிறது. அதனால்தான் பாடநூல்கள் இவ்விரண்டையும் விடாமல் எடுத்துக்கொள்கின்றன.

முதலில் கோளம். மின்னாக்கியின் உருண்டையில் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது எனக் கொள்வோம். யாரும் பார்க்காத நேரத்தில் உருண்டையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும், திருப்பியதாகவே தெரியாது. அப்படியானால் மின்புலம் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்திருக்க முடியாது. சாய்ந்திருந்தால், உருண்டையைத் திருப்பும்போது அச்சாய்வும் திரும்பி, மாற்றம் தெரிந்துவிடும். எனவே மின்புலம் நடுப்புள்ளியிலிருந்து நேர்வெளியே நோக்கியிருக்க வேண்டும். நடுப்புள்ளியிலிருந்து ஒரே தொலைவில் உள்ள எல்லா இடங்களிலும் ஒரே அளவில் இருக்கவும் வேண்டும்.

இனி உருண்டையைச் சுற்றி, அதே நடுப்புள்ளியைக் கொண்ட ஒரு கற்பனைக் கோளத்தை வரைய வேண்டும். இதற்குக் காஸ் பரப்பு என்று பெயர். இது உலோகமும் அன்று, காகிதமும் அன்று; மனத்தில் மட்டும் இருப்பது. இதன் ஆரம் r எனில் பரப்பளவு 4πr². மின்புலம் இப்பரப்பை எங்கும் செங்குத்தாகவும் ஒரே அளவிலும் துளைக்கிறது. எனவே மொத்தப் பாயம் E × 4πr². அது Q / ε₀ என்பதற்குச் சமம் என்று விதி சொல்கிறது. ஆகவே:

E = Q / (4πε₀r²)

இலட்சம் கோடிக் கணக்கான கூட்டல் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அதோடு, விடையில் உருண்டையின் அளவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உருண்டைக்கு வெளியே நிற்பவருக்கு, மின்னூட்டம் முழுவதும் நடுப்புள்ளியில் குவிந்திருப்பதுபோலவே மின்புலம் அமைகிறது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 1/(4πε₀) என்பதன் மதிப்பு ஏறத்தாழ 9 × 10⁹. உருண்டையின் ஆரம் 10 செண்டிமீட்டர், அதிலுள்ள மின்னூட்டம் 1 மைக்ரோகூலும் என்று வைத்துக்கொண்டால், உருண்டையை ஒட்டிய காற்றில் மின்புலம் மீட்டருக்கு 900,000 வோல்ட். உருண்டையின் மேற்பரப்பிலிருந்து 20 செண்டிமீட்டர் விலகி நின்றால்? இங்கேதான் பலர் r என்பதற்கு 20 செண்டிமீட்டரைப் போட்டுவிடுகிறார்கள். தொலைவை நடுப்புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். ஆகவே r என்பது 30 செண்டிமீட்டர். தொலைவு மும்மடங்கானதால் மின்புலம் ஒன்பதில் ஒரு பங்காகி மீட்டருக்கு 100,000 வோல்ட் ஆகிறது. 20 செண்டிமீட்டர் என்று போட்டிருந்தால் 225,000 என்று வரும். உண்மையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

காஸ் பரப்பை உருண்டைக்குள்ளேயே வரைந்தால் என்ன ஆகும்? உலோக உருண்டையில் மின்னூட்டம் முழுவதும் வெளிப்பரப்பில் இருப்பதால், உள்ளே வரைந்த கோளத்துக்குள் மின்னூட்டம் எதுவும் இல்லை. பாயம் சுழியம். சமச்சீர்மையால் மின்புலம் எங்கும் ஒரே அளவு. எனவே மின்புலமும் சுழியம். வெளியே மயிரைச் சிலிர்க்க வைக்கும் உருண்டையின் உட்புறம் அமைதியாக இருக்கிறது.

1836இல் மைக்கேல் ஃபாரடே இந்த அமைதியை நேரில் சோதித்தார். இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 12 அடி உயர, அகல, நீளமுள்ள ஓர் அறையைக் கட்டினார். மரச்சட்டத்தின் மேல் உலோகக் கம்பியும் உலோகத் தாளும் போர்த்திய அறை அது. மின்னூட்டத்தை உணரும் கருவிகளோடு அவர் உள்ளே சென்று அமர்ந்தார். அறையின் வெளிப்புறத்துக்கு வலுவாக மின்னூட்டம் ஏற்றப்பட்டது. வெளியே தீப்பொறிகள் பறந்தன. உள்ளிருந்த கருவிகள் அசையவில்லை. ஆனால், ஃபாரடேயின் அறை கோளம் அன்று, சதுரப் பெட்டி. பெட்டிக்குக் கோளத்தின் சமச்சீர்மை கிடையாது. அங்கே உள்மின்புலம் சுழியமாவதற்குக் காரணம், உலோகத்தில் மின்னூட்டங்கள் தடையின்றி நகர்ந்து, உள்ளே எந்த மின்புலமும் மிஞ்சாதபடி தம்மைத் தாமே இடம் மாற்றிக்கொள்வதுதான்.

உருண்டையில் எவ்வளவு மின்னூட்டத்தை வேண்டுமானாலும் ஏற்ற முடியுமா? முடியாது. காற்றுக்கு ஒரு பொறுமை எல்லை உண்டு. மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 3,000,000 வோல்ட்டை எட்டினால், காற்றின் மூலக்கூறுகள் சிதைந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அப்போதுதான் பொறி பாய்கிறது. மேலே கண்ட வாய்பாட்டில் இந்த எல்லையை இட்டால், 10 செண்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டை 3.3 மைக்ரோகூலுமுக்கு மேல் தாங்காது என்று தெரியவரும். நடைமுறையில் அவ்வளவும் சேர்வதில்லை. உருண்டையில் தூசியோ கீறலோ இருந்தால் அவ்விடத்திலிருந்தே கசிவு தொடங்கிவிடும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில், பட்டையிலும் குழாயிலும் படியும் ஈரத்தின் வழியே மின்னூட்டம் ஒழுகிப் போகும். கருவி சோர்ந்து நிற்கும் நாளில் ஆசிரியர் முடி உலர்த்தியைக் கொண்டு அதற்குச் சூடான காற்று அடிப்பது வேடிக்கைக்கு அன்று.

எல்லையை உயர்த்த வழி, உருண்டையைப் பெரிதாக்குவது. ராபர்ட் வான் டி கிராஃப் 1933இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயக்கிய கருவியின் உருண்டைகள் ஒவ்வொன்றும் 15 அடி விட்டம், அதாவது ஏறத்தாழ 2.3 மீட்டர் ஆரம் உடையவை. பள்ளிக் கருவியைவிட ஆரம் 23 மடங்கு. வாய்பாட்டில் ஆரத்தின் இருமடி வருவதால், தாங்கக்கூடிய மின்னூட்டம் 500 மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது.

இனி கம்பிக்கு வரலாம். மிக நீளமான, நேரான ஒரு கம்பியில் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. முழுக் கம்பியின் மின்னூட்டத்தைப் பேசுவதைவிட ஒரு மீட்டர் நீளத்தில் எவ்வளவு உள்ளது என்று சொல்வதே வசதி. அதனை λ என்று குறிப்பர். கம்பியை அதன் அச்சில் உருட்டினாலும், நீளவாக்கில் சற்று நகர்த்தினாலும், முனைக்கு முனை திருப்பிப் போட்டாலும் வேறுபாடு தெரியாது. எனவே மின்புலம் கம்பியின் நீளவாக்கில் சாய முடியாது. கம்பியிலிருந்து செங்குத்தாக எல்லாப் பக்கமும் விரிகிறது.

இதற்குப் பொருத்தமான காஸ் பரப்பு கோளம் அன்று, உருளை. பால் டின்னின் நடுவே கம்பி நுழைந்து வெளியேறுவதுபோல் ஓர் உருளையைக் கற்பனை செய்யலாம். அதன் ஆரம் r, நீளம் L. உருளைக்கு மூன்று பகுதிகள் உண்டு: இரு முனைகளிலும் வட்ட மூடிகள், நடுவே வளைந்த சுவர். மூடிகளை மின்புலம் ஒட்டியே செல்கிறது, துளைக்கவில்லை. படுக்கப் போட்ட வாளியின் வாயில் மழை புகாததுபோல. அங்கே பாயம் சுழியம். சுவரையோ மின்புலம் எங்கும் செங்குத்தாக, ஒரே அளவில் துளைக்கிறது. சுவரின் பரப்பளவு 2πrL. உள்ளே அடங்கிய மின்னூட்டம் λL. ஆகவே E × 2πrL = λL / ε₀. இரு பக்கமும் L நீங்கிவிடுகிறது:

E = λ / (2πε₀r)

L நீங்கியது நல்ல அறிகுறி. உருளையின் நீளம் கணக்கிடுபவர் தாமே தேர்ந்தெடுத்தது. அது விடையில் மிஞ்சியிருந்தால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

கோளத்துக்கு r², கம்பிக்கு வெறும் r. ஏன்? கோளத்தைச் சுற்றியுள்ள பாயம் எல்லாத் திசையிலும் விரிகிறது. தொலைவு இருமடங்கானால் அது பரவவேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். கம்பியின் பாயம் பக்கவாட்டில் மட்டுமே விரிகிறது. தொலைவு இருமடங்கானால் பரப்பும் இருமடங்குதான். எனவே கம்பியின் மின்புலம் மெல்லத் தேய்கிறது.

இந்த வாய்பாடு எங்கே பயன்படுகிறது என்பதற்கு நெடுஞ்சாலையோரத்து உயர் அழுத்த மின்கம்பிகளே சான்று. மீட்டருக்கு 2 மைக்ரோகூலும் மின்னூட்டம் ஏறிய ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆரம் 1 செண்டிமீட்டர் எனில், கம்பியை ஒட்டிய காற்றில் மின்புலம் மீட்டருக்கு 3,600,000 வோல்ட். இது காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டது. கம்பியைச் சுற்றியுள்ள மெல்லிய காற்றுப் படலம் சிதைந்து, ஊதா நிற ஒளியும் 'உஸ்' என்ற ஓசையும் தோன்றும். இதற்கு மின்னொளிவட்டம் என்று பெயர் சூட்டலாம். கம்பியிலிருந்து சற்று விலகியவுடன் மின்புலம் எல்லைக்குக் கீழே இறங்கிவிடுவதால், கோளத்தில்போல் நீண்ட பொறி பாய்வதில்லை. ஆயினும் அந்த ஓசையிலும் ஒளியிலும் செலவாவது மின்னாற்றலே.

பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழியைக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தால் காணலாம். ஒரே தடித்த கம்பிக்குப் பதிலாக, சிறிது இடைவெளி விட்டு இரண்டு அல்லது நான்கு கம்பிகளை இணையாகக் கட்டியிருப்பார்கள். மேலே சொன்ன 2 மைக்ரோகூலும் இரு கம்பிகளில் பகிரப்பட்டால் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் ஒட்டிய மின்புலம் மீட்டருக்கு 1,800,000 வோல்ட்டாகக் குறைகிறது. 40 செண்டிமீட்டர் தள்ளியுள்ள இணைக் கம்பி அங்கே சேர்ப்பது 45,000 வோல்ட் மட்டுமே. உண்மையில், அழுத்தம் மாறாதிருக்கக் கம்பிகளைப் பிரித்தால் மொத்த மின்னூட்டம் சற்றுக் கூடும். அப்படியும் மின்புலம் எல்லைக்குள் அடங்கிவிடும். மழை நாளில் மட்டும் ஓசை மீண்டும் எழும். கம்பியின் அடியில் தொங்கும் நீர்த்துளி கூர்முனைபோல் நீண்டு, அவ்விடத்து மின்புலத்தைப் பெருக்கிவிடுகிறது. சீரான கம்பிக்கு எழுதிய வாய்பாடு அந்தத் துளியின் முனைக்குப் பொருந்தாது.

பொருந்தாத இடங்கள் இன்னும் உண்டு. 'மிக நீளமான கம்பி' என்ற சொற்றொடரை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு செண்டிமீட்டர் தொலைவில் வாய்பாடு தரும் விடை ஏறத்தாழ முற்றும் சரி. அரை மீட்டர் விலகினால் உண்மையான மின்புலம், வாய்பாடு சொல்வதில் 71 விழுக்காடுதான். பத்து மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அக்கம்பி ஒரு புள்ளிபோல் தோன்றும். அங்கே கோளத்தின் வாய்பாடே நெருக்கமான விடையைத் தரும். கம்பியின் முனைக்கு அருகிலோ மின்புலம் சாய்ந்து விரிவதால், உருளையின் மூடி வழியாகவும் பாயம் வெளியேறும். காஸ் விதி அப்போதும் பொய்க்காது. சமச்சீர்மை இல்லாததால், மொத்தத்திலிருந்து தனி இடத்தின் மின்புலத்தைப் பிரித்தெடுக்க முடியாமல் போகிறது.

மின்கோபுரத்தில் மூன்று தொகுதிக் கம்பிகள் செல்வதும் இதே போன்றதுதான். அவற்றிலுள்ள மின்னூட்டம் நொடிக்கு 50 முறை நேர்மறையும் எதிர்மறையுமாக மாறி மாறி வருகிறது. ஆனால், மூன்றும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. எந்தக் கணத்திலும் மூன்றின் கூட்டுத்தொகை ஏறத்தாழ சுழியம். மூன்றையும் சேர்த்து ஒரு பெரிய உருளையால் மூடினால், அதன் வழியே வெளியேறும் மொத்தப் பாயமும் சுழியம்தான். அதனால் அந்த உருளையின் மேல் மின்புலமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு கம்பிக்கு அருகில் பாயம் வெளியேறுகிறது, இன்னொரு கம்பிக்கு அருகில் உள்ளே நுழைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. தொலைவு கூடக் கூட மூன்றின் மின்புலங்களும் ஒன்றையொன்று பெருமளவு நீக்கிக்கொள்வதால், கோபுரத்தின் அடியில் நிற்பவருக்கு மின்புலம் ஒற்றைக் கம்பி வாய்பாடு சொல்வதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.